பிடிஎஃப் மொழிபெயர்ப்பில் அட்டவணையும் அடிக்குறிப்பும் சிதையாதிருக்க

பிடிஎஃப் கோப்பு எழுத்துகளைத் தாளில் அவை நிற்கும் இடத்தோடு பதிந்துவைப்பதாகையால், பெரும்பாலான கோப்புகளில் அட்டவணை, அடிக்குறிப்பு என்ற அடையாளமே உள்ளே இருப்பதில்லை. ஆகவே அதை வேர்டு கோப்பாக மாற்றியவுடன் மொழிபெயர்ப்பில் இறங்காமல், மூலமொழியிலேயே அமைப்பைச் செப்பனிட்டுக்கொள்வது நல்லது.

மிகுதியாகக் கெடுவது அடிக்குறிப்பே. 12ஆம் பக்கத்தில் பாதியில் நின்ற வாக்கியம் 13ஆம் பக்கத்தில் தொடரும்போது, மாற்றிய கோப்பில் அவற்றின் நடுவே அடிக்குறிப்பு சாதாரணப் பத்தியாக அமர்ந்துவிடுவதால், இரு பாதிகளும் தனி வாக்கியங்களாக மொழிபெயர்க்கப்பட்டுப் பொருள் திரியும். அந்தப் பத்தியை வெட்டியெடுத்து, குறியெண் நின்ற இடத்தில் Ctrl+Alt+F அழுத்தினால் திறக்கும் குறிப்புப் பகுதியில் ஒட்டி, பழைய எண்ணை நீக்கி, உடைந்த வாக்கியத்தை இணைக்க வேண்டும். மூலத்தில் எண்கள் நூல் முழுதும் தொடர்ந்து வருமாயின், இறுதி எண் மூலத்திலும் மாற்றிய கோப்பிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தாலே குறிப்பு ஏதும் விடுபட்டதா என்பது தெரிந்துவிடும்.

ஆங்கிலத்தைவிடத் தமிழ் பெரும்பாலும் கூடுதல் இடம் கொள்ளும். அட்டவணை வரிசையின் உயரம் Exactly என்று இறுக்கப்பட்டிருந்தால் கட்டத்தின் கடைசி வரி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோகும். அதை At least என மாற்றினால் கட்டம் தானே விரியும்.

ஸ்கேன் செய்த பக்கங்களில் எழுத்துணரி மென்பொருள் 3ஐ 8ஆகப் படித்துவிடக்கூடும் என்பதால், அட்டவணை எண்களை ஒவ்வொன்றாக மூலத்தோடு ஒப்பிட்ட பிறகே அச்சுக்கு அனுப்புக.