டீயோடு வரும் சிகரெட்: விடும் நாளுக்கு முந்தைய வாரம்

சிகரெட்டை விட நினைக்கும் சகோதரர்கள் வழக்கமாக ஒரு நாளைக் குறித்துக்கொள்கிறார்கள். அடுத்த ஜும்ஆ, மாதத்தின் முதல் தேதி, ரமளானின் முதல் பிறை என்று அது இருக்கும். அந்த நாளுக்கு முந்தைய வாரத்தில்தான் உண்மையான வேலை இருக்கிறது.

அந்த வாரம் சிகரெட்டைக் குறைக்க வேண்டாம், எழுதினால் போதும். ஒரு துண்டுத்தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பற்ற வைக்கும் முன்பே மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: நேரம், கையில் அல்லது பக்கத்தில் என்ன இருந்தது, மனம் எப்படி இருந்தது. பிடித்து முடித்தபின் எழுதினால் பாதி மறந்துவிடும்.

உதாரணத்துக்கு, எல்டாம்ஸ் சாலைப் பக்கம் கடையில் வேலை செய்யும் ஒருவர் நாளுக்குப் பத்து சிகரெட் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய தாளில் எழுந்தவுடன் ஒன்று, டீயோடு ஐந்து, சாப்பாட்டுக்குப் பின் இரண்டு, தவணை கேட்டு ஃபோன் வந்தபின் இரண்டு என்று இருக்கிறது. "டென்ஷனால்தான் பிடிக்கிறேன்" என்று வீட்டில் சொல்லிவந்தவர் அவர். தாளோ டீக்கடையைக் காட்டுகிறது.

நோன்பு நாட்களை நினைத்துப் பார்த்தால் இது புரியும். பகல் முழுவதும் சிகரெட் இல்லாமல் இருப்பவர், இஃப்தாருக்குப் பின் முதல் டீ கைக்கு வந்ததும் தவித்துப்போகிறார். பகலில் டீ இல்லை, கடை வாசலில் நிற்பதும் இல்லை. டீ வந்ததும் பழைய ஜோடி நினைவுக்கு வந்துவிடுகிறது.

எனவே இவர் முதலில் மாற்ற வேண்டியது டீ நேரத்தை. டீயை விடச் சொல்லவில்லை, அது நம்மால் ஆகாத காரியம்! சில்லறை சிகரெட் விற்கும் கடையில் நின்று குடிக்காமல், ஃபிளாஸ்கில் கொண்டுவந்து கடைக்குள் உட்கார்ந்து குடிக்கலாம். சிகரெட் பிடித்த கைக்கு ஏதாவது வேண்டும். வேர்க்கடலைப் பொட்டலமோ, வாயில் போட ஏலக்காயோ சோம்போ முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். பாக்கு மட்டும் வேண்டாம். புகையிலை சேராத பாக்கும் வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும். சிகரெட்டை விட்டு ஹான்ஸுக்கு மாறுவதும் விட்டதாகாது.

டீயில் இன்னொரு சங்கதியும் உண்டு. புகை, டீயிலுள்ள காஃபீனை உடம்பு சீக்கிரம் கரைத்துவிடச் செய்கிறது. புகை நின்றதும் அதே ஐந்து டீயின் காஃபீன் உடலில் அதிக நேரம் தங்கும். படபடப்பு வரும், தூக்கம் கெடும். "சிகரெட் இல்லாததால்தான் இப்படி" என்று நினைத்து மறுபடி பற்ற வைப்பவர்கள் உண்டு. விடும் நாளிலிருந்து டீயை இரண்டு மூன்றாகக் குறைத்தால் இதைத் தவிர்க்கலாம்.

தவணை ஃபோனுக்கு வேறு ஏற்பாடு. ஏக்கம் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்த நேரத்துக்கு என்ன செய்வது என்று தாளிலேயே எழுதி வையுங்கள்: ஃபோனை வைத்ததும் ஒரு டம்ளர் தண்ணீர், பிறகு தெருமுனைவரை நடை. தொழுகை நேரம் நெருங்கியிருந்தால் ஒளூச் செய்யப் போய்விடலாம். கடன் இதனால் தீராது, ஆனால் சிகரெட்டாலும் தீர்ந்ததில்லை.

எழுந்து அரை மணிக்குள் பிடிக்கும் முதல் சிகரெட் வேறு வகை. இரவெல்லாம் நிகோடின் கிடைக்காத உடம்பு கேட்பது அது, ஏலக்காய்க்கு அடங்காது. மருத்துவரைக் கேட்டு நிகோடின் சூயிங்கம் வாங்குங்கள். சாதாரண சூயிங்கம் போல மெல்லக் கூடாது. மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்க வேண்டும், காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். விக்கலோ நெஞ்செரிச்சலோ வந்தால் வேகமாக மென்றுவிட்டீர்கள் என்று அர்த்தம். டீ குடித்துக் கால் மணி நேரத்துக்குள் போட்டால் மருந்து வாயில் சரியாக ஏறாது, மெல்லும்போதும் டீ கூடாது. "சூயிங்கம் வேலை செய்யவில்லை" என்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

மது நமக்கு ஹராம் என்பதால் இந்தப் பேச்சை எடுக்கவே கூச்சப்படுகிறோம். மறைவாகக் குடிப்பவர்கள் நம் தெருக்களிலும் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டாருக்கு அது தெரியும். பல நாள் சிகரெட் இல்லாமல் இருந்தவரும் மது உள்ளே போனதும் கட்டுப்பாடு தளர்ந்து பக்கத்தில் இருப்பவரிடம் ஒன்று வாங்கிவிடுவார். அந்தக் கூட்டத்துக்குப் போகாமல் இருக்க ஏற்பாடு செய்வதுதான் ஒரே வழி. ஆனால் தினமும் குடிப்பவர் மதுவைத் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வரக்கூடும். அவர் மருத்துவரைப் பார்த்த பிறகே நிறுத்த வேண்டும்.

விடும் நாளுக்கு முந்தைய இரவு பாக்கெட், லைட்டர் இரண்டையும் வீட்டிலிருந்து அகற்றுங்கள். எழுதிய தாளை வைத்துக்கொண்டு பேச ஆள் வேண்டுமானால், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் புகையிலை நிறுத்த ஆலோசனை கிடைக்கும். 1800-11-2356 என்ற தேசிய உதவி எண்ணுக்குக் கட்டணம் இல்லை. 2018 செப்டம்பர் முதல் சிகரெட் பாக்கெட்டின் மேலேயே அந்த எண்ணை அச்சிடுகிறார்கள்.