நீண்ட முகவரியும் குறுமுகவரியும்

'மைசூர்' என்னும் சொல்லில் மூன்று எழுத்துகளே உள்ளன. ஆனால், அச்சொல் இடம்பெறும் இணைய முகவரியைப் படியெடுத்துப் பயிற்சித்தாளில் இட்டால், அச்சொல் பெரும்பாலும் `%E0%AE%AE%E0%AF%88` எனத் தொடங்கி நீளும். கணினி அதனை ம, ை, ச, ூ, ர, ் என ஆறு குறிகளாகப் பிரித்து, ஒவ்வொரு குறியையும் ஒன்பது உருக்களால் எழுதுகிறது. அச்சிட்ட தாளைப் பார்த்து அந்த 54 உருக்களையும் பிழையின்றித் தட்டச்சிடுதல் அரிது.

இவ்விடரைத் தீர்ப்பவை முகவரி சுருக்கும் சேவைகள். அவை நீண்ட முகவரியைத் தம் பட்டியலில் பதிந்துகொண்டு, சில எழுத்துகளே கொண்ட குறுமுகவரியைத் தருகின்றன. குறுமுகவரியை இட்டவுடன் சேவை தன் பட்டியலைப் பார்த்து வழிகாட்டும். அப்பட்டியல் மறைந்தால் வழியும் மறையும்.

கூகுள் நிறுவனத்தின் `goo.gl` சேவை 2019 மார்ச்சு மாத இறுதியில் புதிய குறுமுகவரிகள் தருவதை நிறுத்தியது. நெடுநாள் எவரும் பயன்படுத்தாத பழைய குறுமுகவரிகள் முடக்கப்படும் என 2025இல் அந்நிறுவனம் அறிவித்தது. திரையில் உள்ளதைத் திருத்தலாம். அலமாரியில் உறங்கும் தாளைத் திருத்த இயலாது.

மேலும், குறுமுகவரி தான் சென்று சேரும் இடத்தைக் காட்டுவதில்லை. ஆதலால், அதன் அருகே தளத்தின் பெயரையும் கட்டுரைத் தலைப்பையும் அச்சிடுதல் வேண்டும். குறுமுகவரி செயலிழந்தாலும் அவற்றைக் கொண்டு தேடிக் கண்டடையலாம்.

பயிற்சி: 'தமிழ்' என்னும் சொல் இணைய முகவரியில் எத்தனை உருக்களாக நீளும்? குறிகளைப் பிரித்துக் கணக்கிடுக.