திரையில் வரும் பிழைச் செய்தியை வாசிப்பது எப்படி?

போனில் ஏதாவது பக்கம் திறக்காமல் சிவப்பு அடையாளம் வந்தால், பிள்ளைகள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து நமக்கு அனுப்புகிறார்கள். ஆங்கிலத்தைப் பார்த்ததும் பயந்து போக வேண்டாம். அந்தப் படத்திலேயே காரணம் எழுதியிருக்கும். இம்முறை ஒரே ஒரு செய்தியை எடுத்துப் பார்ப்போம்.

நமது தோட்டத்துத் தம்பி ஒருவர் சீனன்குடாவில் வேலை செய்கிறார். தங்கச்சியின் பரீட்சைப் பெறுபேற்றைப் பார்க்க, பல நாள் சார்ஜ் இல்லாமல் கிடந்த, சிம் இல்லாத பழைய போனை வைஃபையில் போட்டார். பக்கம் திறக்கவில்லை. அந்தப் போனில் வாட்ஸ்அப்பும் ஓடவில்லை. அதனால் படத்தை புளூடூத்தில் கூட்டாளியின் போனுக்கு மாற்றி அனுப்பினார். அதில் இருந்த முக்கிய வரிகள் இவைதான்:

```
Your clock is behind
NET::ERR_CERT_DATE_INVALID
```

முதல் வரி, உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்கிறது. இரண்டாவது வரியில் CERT என்பது சான்றிதழ், DATE என்பது திகதி, INVALID என்றால் செல்லாது. அதற்குக் கீழே போன் நம்பிக்கொண்டிருக்கும் திகதியும் இருந்தது: 2015 ஜனவரி.

இதன் பொருள் என்ன? பாதுகாப்பான ஒவ்வொரு இணையத்தளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அது பஸ் சீசன் டிக்கட் மாதிரி. எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை செல்லும் என்று அதில் இருக்கும். போன் தன்னுடைய திகதியை வைத்துத்தான் அதைச் சரிபார்க்கும். பற்றரி முழுதாக இறங்கியதால் போனின் திகதி பழைய வருஷத்துக்குப் போய்விட்டது. 2015இல் நிற்கும் போனுக்கு, இந்த வருஷத்துச் சான்றிதழ் இன்னும் தொடங்காத டிக்கட்டாகத்தான் தெரியும். வாட்ஸ்அப் நின்றதற்கும் காரணம் இதுவே. ஆகவே பெறுபேற்றுப் பக்கத்தில் பிழை இல்லை.

செய்ய வேண்டியது: Settings உள்ளே Date & time என்பதைத் திறந்து, தானாகத் திகதி எடுக்கும் பொத்தானைப் போடவும். சிம் இல்லாத போனில் அது சில வேளை பிடிக்காது. அப்போது அதை நிறுத்திவிட்டு, வருஷம், மாதம், நாள், நேரம் எல்லாவற்றையும் கையால் திருத்தவும். நேர வலயம் கொழும்பு, +05:30 என்று இருக்க வேண்டும். பிறகு பக்கத்தைத் திரும்பத் திறக்கவும். தம்பிக்கு அதோடு சரியாகிவிட்டது.

திகதி சரியாக இருந்தும் அதே செய்தி வந்தால், அந்தத் தளத்தின் சான்றிதழ்தான் காலாவதியாகியிருக்கும். அதை அவர்கள்தான் புதுப்பிக்க வேண்டும். நாம் பொறுத்திருக்க வேண்டும். DATE என்ற இடத்தில் AUTHORITY என்றிருந்தால் கதை வேறு. சான்றிதழ் கொடுத்தவரையே போன் நம்பவில்லை என்று அர்த்தம். இடையில் யாரோ புகுந்திருக்கவும் கூடும். அப்படிப்பட்ட பக்கத்தில் கடவுச்சொல்லோ வங்கி விபரமோ போடவே கூடாது.

உதவி கேட்டுப் படம் அனுப்பும்போது பாதியை வெட்டாமல் முழுத் திரையையும் அனுப்புங்கள். கீழே சின்ன எழுத்தில் இருக்கும் வரிதான் பெரும்பாலும் பதில் சொல்லும்.