சீரியல் செட்டும் ஒரு போட்டோவும்



போன ஆடி மாதம் ஒரு சாயங்காலம் ஹாஸ்டலில் இருந்தபோது ஊரிலிருந்து அத்தை போன் செய்தார்கள். "தம்பி, அம்மன் கோவில் வாசல்ல கட்டறதுக்கு உங்க மாமா சீரியல் செட்டு வாங்கிட்டு வந்திருக்காரு. நீதான் கரண்டுக்குப் படிக்கிறியே, போட்டோ அனுப்புறேன், பாத்துச் சொல்லு. போன வருஷம் மாதிரி ஆயிடக் கூடாது."

போன வருஷம் நடந்தது எனக்குத் தெரியும். வாசலில் இரும்புக் குழாயை வளைத்து நட்டு, அதில் வேப்பிலைத் தோரணமும் சீரியல் செட்டும் சுற்றியிருந்தார்கள். காலையில் வாசல் தெளித்த ஈரத்தில் நின்று குழாயைத் தொட்ட ஒரு சின்னப் பெண்ணுக்குக் கை சுரீர் என்று இழுத்துவிட்டது. காலில் செருப்பு இருந்ததால் தப்பித்தாள். "ஷாக்கெல்லாம் இல்ல, சும்மா ஜிவ்வுன்னு இருக்கும்" என்று சொல்லி, அன்று ராத்திரியும் அதே செட்டை எரியவிட்டார்கள்.

ஆகவே போட்டோவைப் பார்த்து "நல்லாயிருக்கு அத்தை" என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு போட்டோவிலிருந்து எவ்வளவு தெரிந்துகொள்ளலாம், எது தெரியாது என்பதை நம் துறை நண்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் பார்க்க வேண்டியது பல்பை அல்ல

போட்டோ வந்தது. நீல நிற எல்.இ.டி.க்கள், மெல்லிய கண்ணாடி நிற ஒயர், டூ பின் பிளக். பிளக்கிலிருந்து ஒரு முழம் தள்ளித் தீப்பெட்டி அளவில் ஒரு சின்ன டப்பா. டப்பாவில் ஒரே ஒரு பட்டன். அதை அமுக்கினால் ஓடும், மினுக்கும், நின்று எரியும்.

நம் கண் நேராக எல்.இ.டி.க்குத்தான் போகும். ஆனால் பாதுகாப்பைத் தீர்மானிப்பது பிளக்குக்கும் முதல் எல்.இ.டி.க்கும் நடுவில் இருக்கும் பொருள். அது இரண்டில் ஒன்றாக இருக்கும். பிளக்கே பருமனாக, செல்போன் சார்ஜர் போல இருந்தால் அது அடாப்டர். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே மின்தொடர்பு கிடையாது. மாறாக, பிளக் ஒல்லியாக இருந்து, நடுவில் பட்டன் வைத்த டப்பா மட்டும் தொங்கினால், உள்ளே இருப்பது நான்கு டையோடு, ஒரு சின்ன ஐ.சி., ஒன்றிரண்டு எஸ்.சி.ஆர்., சில ரெசிஸ்டர்கள், அவ்வளவே. டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. வீட்டு 230 வோல்ட் நேராக ஒயர் முழுக்க ஓடுகிறது.

மாமா வாங்கியது இரண்டாவது ரகம்.

"மூணு வோல்ட்தானே மாப்ளே?"

இதை போனில் சொன்னதும் மாமா சிரித்தார். "ஒரு எல்.இ.டி.க்கு மூணு வோல்ட்டுதானே மாப்ளே? கடைக்காரரே சொன்னாரு. மூணு வோல்ட்டு என்ன பண்ணும்?"

கடைக்காரர் சொன்னது பொய் அல்ல. நீல எல்.இ.டி.யின் இரண்டு கால்களுக்கு நடுவே ஏறத்தாழ 3 வோல்ட்தான். செட்டில் மொத்தம் 100 எல்.இ.டி.; 50 வீதம் இரண்டு வரிசை. 50 × 3 = 150 வோல்ட். மீதியை ரெசிஸ்டர்கள் தாங்குகின்றன. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

தவறு எங்கே என்றால், 3 வோல்ட் என்பது எல்.இ.டி.யின் ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் உள்ள வித்தியாசம். நம் உடம்பு அந்த இரண்டு கால்களுக்கு நடுவே வருவதில்லை. ஒரு காலுக்கும் தரைக்கும் நடுவே வருகிறது. வரிசையின் ஃபேஸ் பக்கத்து முனையில் இருக்கும் எல்.இ.டி., தரையைப் பொறுத்தவரை, கிட்டத்தட்ட முழு 230 வோல்ட்டில் நிற்கும். மாடிப்படியில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் அரை அடிதான் உயரம். அதற்காக மேல் படியிலிருந்து தரைக்குக் குதித்தால் அடிபடாதா? அதுபோலத்தான்.

டூ பின் பிளக்கை எப்படி வேண்டுமானாலும் திருப்பிச் சொருகலாம். ஆகவே எந்த முனை ஃபேஸ், எந்த முனை நியூட்ரல் என்று யாருக்கும் தெரியாது. மேலும், மினுக்கும்போது விளக்கு அணைந்திருக்கும் நேரத்திலும் ஒயரில் ஃபேஸ் நிற்கலாம். "இப்ப எரியல, தொடு" என்று சொல்ல முடியாது.

எம்.சி.பி. காப்பாற்றுமா? செட்டின் பவர் 8 வாட் என்று வைத்தால், 8 ÷ 230, அதாவது ஏறத்தாழ 35 மில்லி ஆம்பியர்தான் இழுக்கிறது. ஈரமான உடம்பை 1000 ஓம் என்று வைத்தால் 230 மில்லி ஆம்பியர் பாயும். அது உயிரைப் பறிக்கப் போதும். 6 ஆம்பியர் எம்.சி.பி.யோ அசையக்கூட அசையாது. கவனிப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மட்டுமே. எங்கள் கோவில் பந்தலுக்கு லைன் எடுத்த இடத்தில் அது இல்லை.

இன்னும் மூன்று போட்டோ கேட்டேன்

முதல் போட்டோ அழகாக இருந்ததே தவிர, அதில் எழுத்து ஒன்றும் தெரியவில்லை. ஆகவே அத்தை மகனிடம், பிளக்கைச் சொருகாமல் வைத்து இன்னும் மூன்று எடுக்கச் சொன்னேன். டப்பாவின் பின்பக்கம் ஒன்று. பிளாஸ்டிக்கில் அச்சான எழுத்து நேர் வெளிச்சத்தில் தெரியாது, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் நிழல் விழுந்து தெரியும். எல்.இ.டி.யின் அடிப்பாகம் கிட்டத்தில் ஒன்று, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து, அளவு தெரிவதற்காக. அட்டைப்பெட்டியின் ஆறு பக்கமும் ஒன்று.

வந்ததைப் பார்த்தேன். டப்பாவில் "220 வோல்ட்" என்று மட்டும் இருந்தது. வாட் இல்லை, கம்பெனி பெயர் இல்லை, ஐ.பி. எண் இல்லை. எல்.இ.டி.யின் கால்கள் ஒயரோடு சேருமிடத்தில் வெறும் பிளாஸ்டிக் குழல் மாட்டியிருந்தது. ஒரு பக்கம் திறந்தே இருந்தது, ஈயம் பளபளத்தது. மழைத்துளி போக அதுவே போதும். பெட்டியில் சி.இ. என்ற குறி பெரிதாக இருந்தது. அது ஐரோப்பியச் சந்தைக்காக உற்பத்தியாளர் தாமே போட்டுக்கொள்ளும் உறுதிமொழிக் குறி. நம் ஊர் சோதனைக்கு அது சான்று ஆகாது.

"மாமா, இதை வாசல்ல கட்டக்கூடாது. இரும்புக் குழாய்ல கட்டவே கூடாது" என்றேன். கொஞ்சம் முணுமுணுத்தார். பிறகு, "சரி, வேற என்னதான் வாங்கறது, அதையாவது சொல்லு" என்றார்.

இரண்டாவது செட்

மறுநாள் கடையில் நின்றுகொண்டே இன்னொரு செட்டின் போட்டோவை அனுப்பினார். இது சார்ஜர் போலப் பருமனான பிளக். அதன் லேபிளைப் படித்தேன். இன்புட் 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அவுட்புட் 31 வோல்ட் டி.சி., 6 வாட். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி ஒன்று. அது இரட்டை இன்சுலேஷன், எர்த் தேவையில்லை என்பதைக் காட்டும். வீடு வரைந்த குறி ஒன்று. அது வீட்டுக்குள் மட்டும் வைக்க வேண்டியது என்று பொருள். ஒயரில் தொங்கிய சிறு அட்டையில் ஐ.பி. 44.

ஐ.பி. எண்ணில் முதல் இலக்கம் திடப்பொருளுக்கு. 4 என்றால் 1 மில்லிமீட்டர் கம்பிகூட உள்ளே போகாது. இரண்டாவது இலக்கம் தண்ணீருக்கு. 4 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறித்தாலும் தாங்கும். தண்ணீரில் மூழ்கினால் தாங்காது. இங்கே முக்கியமான விஷயம், 44 என்பது விளக்குச் சரத்துக்கு மட்டும். அடாப்டருக்கு வீடு குறிதான். ஆகவே சரம் வாசலில், அடாப்டர் கோவிலுக்குள். இரண்டையும் ஒரே பொருளாக நினைத்து அடாப்டரையும் வெளியே தொங்கவிடுவதுதான் பலர் செய்யும் தவறு.

அடுத்தது பி.ஐ.எஸ். பதிவு எண். ஆங்கில ஆர் எழுத்துக்குப் பின் எட்டு இலக்கம் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் தயாரித்தது, என்ன பிராண்ட், எந்தப் பொருள் என்று வரும். எண் இருந்தால் மட்டும் போதாது, வரும் விவரம் கையில் இருக்கும் பெட்டியோடு பொருந்த வேண்டும். எண்ணுக்கு மேலே உள்ள ஐ.எஸ். எண்ணையும் பாருங்கள். ஐ.எஸ். 10322 என்றால் விளக்குக்கு உரியது. ஐ.எஸ். 15885 பகுதி 2 பிரிவு 13 என்றால் எல்.இ.டி.க்குக் கரண்ட் கொடுக்கும் கருவிக்கு மட்டும் உரியது. சரத்தை அது பேசாது. மாமா அனுப்பியதில் இரண்டும் தனித்தனியாக இருந்தன, விவரமும் பொருந்தியது. "வாங்குங்க மாமா" என்றேன்.

போட்டோ சொல்லாதது

லேபிளை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். இன்சுலேஷன் எப்படி இருக்கிறது என்பதைப் போட்டோ காட்டாது. ஆகவே மாமா திருப்பிக் கொடுக்க முடியாமல் போன முதல் செட்டை ஊரிலிருந்து வாங்கி வந்து, எங்கள் ஆசிரியர் முன்னிலையில் லேபில் மெக்கர் போட்டுப் பார்த்தேன்.

முறை இதுதான். பிளக்கின் இரண்டு பின்னையும் ஒரு ஒயரால் சேர்த்துக் கட்டி மெக்கரின் ஒரு முனையோடு இணைக்க வேண்டும். அப்போது எல்.இ.டி.க்களின் குறுக்கே வோல்ட்டேஜ் விழாது, அவை கெடாது. சரத்தின் மேல் அலுமினியத் தாளைச் சுற்றி மற்ற முனையை அதில் மாட்ட வேண்டும். 500 வோல்ட்டில் காய்ந்த நிலையில் முள் இன்ஃபினிட்டி பக்கமே நின்றது. பிறகு ஈரத்துணியைச் சுற்றி அதன்மேல் தாளைச் சுற்றினேன். முள் பூஜ்யத்தை ஒட்டி வந்து படுத்துவிட்டது. காய்ந்த கடையில் நல்லதாகத் தெரிந்த செட், வாசல் தெளித்த காலையில் ஏன் கையை இழுக்கிறது என்பதற்கு அந்த முள்தான் பதில்.

முடிக்கும் முன் ஒரு வார்த்தை. திருவிழா முடிந்து அத்தை போன் செய்தார்கள். "தம்பி, இந்த வருஷம் லைட்டு கொஞ்சம் மங்கலாத்தான் இருந்துச்சு" என்றார்கள். உண்மைதான், 6 வாட் அடாப்டர் அவ்வளவுதான் கொடுக்கும். "ஆனா அந்தப் புள்ள குழாயப் புடிச்சுக்கிட்டே ஆடிக்கிட்டு இருந்தா" என்றும் சொன்னார்கள்.

— மூன்றாமாண்டு, மின் மற்றும் மின்னணுவியல் துறை