மறந்த விடை மீளும் வழி

தேர்வறையில் ஐந்திணைகளின் பெயர்களை எழுதிய மாணவி ஒருத்திக்கு, நான்கோடு நினைவு நின்றுபோயிற்று. பதற்றம் மிகுந்தால், விடையைத் தேட வேண்டிய கவனத்தை அச்சம் பிடித்துக்கொள்ளும். எனவே அவள் எழுதுகோலைக் கீழே வைத்து, மும்முறை மூச்சை மெதுவாக வெளியே விட்டாள். பின்னர் மறந்த பெயரைத் துரத்தாமல், தெரிந்தவற்றை நிலத்தோடு சேர்த்து விடைத்தாளின் ஓரத்தில் குறித்தாள்: குறிஞ்சி மலை, மருதம் வயல், நெய்தல் கடல், பாலை வறண்ட நிலம். எஞ்சியது காடு. காடு என்றதும் முல்லை நினைவுக்கு வந்தது. சேர்த்துக் கற்றவற்றுள் ஒன்று மற்றொன்றை எழுப்பும்.

இரண்டு நிமிடத்தில் விடை வராவிடில், இடம் விட்டு அடுத்த வினாவிற்குச் செல்லுதல் நன்று. அங்குள்ள சொல்லே சில வேளை அதனை நினைவூட்டும். கல்லாத விடையை மட்டும் இவ்வழி தராது.