12 வாரத்தில் 11 கிலோ: அது யாருடைய கணக்கு?

நம்பிக்கை: ரீல்ஸில் ஒருவர் 12 வாரத்தில் 11 கிலோ குறைத்தார். அதே டயட்டைக் கடைப்பிடித்தால் எனக்கும் அவ்வளவு குறையும்.

உண்மை: எவ்வளவு குறையும் என்பதை, எந்த உடலிலிருந்து தொடங்குகிறோம் என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. அந்த வீடியோவில் இருப்பவர் 30 வயது ஆண், 175 செ.மீ. உயரம், 110 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதிகம் நடமாடாவிட்டாலும் அவர் உடல் நாளொன்றுக்கு ஏறக்குறைய 2,850 கலோரி செலவழிக்கும். அதில் 1,000 கலோரியைக் குறைத்தாலும் அவர் தட்டில் 1,850 மிஞ்சும். ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்பது பொதுக் கணக்கு. அதன்படி 12 வாரத்தில் 11 கிலோ அவருக்கு எட்டக்கூடியதுதான்.

பார்ப்பவர் 40 வயதுப் பெண், 155 செ.மீ., 62 கிலோ. அவர் உடலின் செலவே 1,700 கலோரி அளவுக்குத்தான் வரும். அவரும் 1,000 குறைத்தால் மிஞ்சுவது 700. பசி, தலைசுற்றல், தசை இழப்பு, முடி உதிர்வு எல்லாம் வந்து, சில வாரங்களில் டயட்டே நின்றுபோகும். 350 கலோரி குறைப்பதுதான் அவருக்குத் தாங்கும். அப்போது 12 வாரத்தில் மூன்று, மூன்றரை கிலோ குறையலாம். அது தோல்வியே அல்ல. தொடக்க எடையில் 5 சதவீதம். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் மேம்பட பலருக்கு இந்த அளவே போதும்.

நம்பிக்கை: முதல் வாரமே இரண்டு கிலோ இறங்கினால்தான் டயட் வேலை செய்கிறது.

உண்மை: அந்த இரண்டு கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்தின் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றையும் இட்லியையும் திடீரென நிறுத்தினால் அது வெளியேறும். மறுபடி சாப்பிட்டதும் திரும்பி வரும். ‘முன்’, ‘பின்’ படங்கள் சிலவற்றில் தெரியும் மாற்றம் இதுவே. வெளிச்சமும் வயிற்றை உள்ளிழுத்து நிற்பதும் மீதியைச் செய்துவிடுகின்றன. முன்பே ஜிம்முக்குப் போய் இடையில் விட்டவருக்கு, இழந்த தசை வேகமாகத் திரும்பும் என்பதும் படத்தில் தெரியாது.

அப்படியானால் எதோடு ஒப்பிடுவது? காலையில் கழிப்பறை சென்று வந்ததும், எதுவும் சாப்பிடும் முன், தினமும் ஒரே மெஷினில் எடை பாருங்கள். வாரச் சராசரியை மட்டும் குறித்து வையுங்கள். மாதவிடாயை ஒட்டி உடலில் நீர் சேர்ந்து எடை கூடிக் காட்டும் என்பதால், பெண்கள் இந்த மாதத்தின் ஒரு வாரத்தைப் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுவது சரி. வயிற்றுச் சுற்றளவை இன்ச் டேப்பில் மாதம் இருமுறை அளந்தால் போதும். நான்கு வாரம் எடை, சுற்றளவு இரண்டுமே அசையாவிட்டால் மட்டும் சாப்பாட்டின் அளவைத் திரும்பப் பாருங்கள். பெரும்பாலும் எண்ணெயும் மாலை நொறுக்குத்தீனியும்தான் கணக்கில் விடுபட்டிருக்கும்.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் உணவைக் குறைக்கும் முன்பே மருத்துவரிடம் மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சாப்பாடு குறைந்து மருந்து பழைய அளவிலேயே தொடர்ந்தால், ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும்.