கடையை மேப்பில் ஏற்றித் தருபவருக்கு

தெருமுனைத் தையல் கடையை கூகுள் மேப்பில் ஏற்றித் தர ஒருமுறைக் கட்டணம் வாங்குபவர், கடைக்காரரின் ஜிமெயிலிலேயே கணக்கைத் தொடங்க வேண்டும். தன்னுடையதில் தொடங்கினால், பின்னாளில் கடை நேரத்தை மாற்றக்கூட அந்தக் கடைக்காரர் இவரைத் தேடி அலைவார்.

பெயர், பலகையில் உள்ளபடியே இருக்கட்டும். 'சிறந்த பிளவுஸ் தையல்' என்று ஒட்டுச் சேர்த்தால் கூகுள் பக்கத்தையே முடக்கிவிடலாம்.

உறுதிப்படுத்த வீடியோ கேட்டால், தெரு, பெயர்ப்பலகை, ஷட்டர் பூட்டைத் திறக்கும் கை, உள்ளே தையல் மெஷின் என்று வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். காலையில் கடை திறக்கும் நேரமே இதற்கு வசதி. முடிவு வரச் சில நாள் ஆகலாம். பாதிக் கட்டணத்தை அதன்பிறகு வாங்குவதே நியாயம்.

மேப்போடு வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாகும் போட்டுத் தருவதானால், அதில் 500 பொருள் வரை ஏற்றலாம். இந்தக் கடைக்கு சாதா பிளவுஸ், லைனிங் பிளவுஸ், சுடிதார், ஃபால்ஸ் என நாலைந்தே போதும். விலையைத் திருத்துவதைக் கடைக்காரர் கையாலேயே ஒருமுறை செய்ய வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.